மூன்றும் ஏழும் இடம் மாறியபோது

2025 ஏப்ரல் முதல் வாரம். கோவையில் ஆலைகளின் ஏர் கம்ப்ரஸர்களைப் பராமரித்துக் கொடுக்கும் ஒரு சிறு பங்குதாரர் நிறுவனம். அதன் வாடிக்கையாளர் ஒரு நூற்பாலை. ஆலையிலிருந்து பணம் வந்துவிட்டது, அதைத் தெரிவித்து ஒரு மெயில் போட வேண்டும். இளம் கணக்கர் போன மாத மெயிலைத் திறந்து, அதிலேயே தொகையையும் தேதியையும் மாற்றி ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டார். நிறுவனமும் மெயிலும் இந்தக் கட்டுரைக்காக அமைத்துக்கொண்ட மாதிரிதான். ஆனால் இதிலுள்ள பிழைகள் எந்தக் கணக்கு அலுவலகத்திலும் நடக்கக்கூடியவை.

*பொருள்: பிப்ரவரி மாதப் பில் தொகை பெற்றது*

*மதிப்பிற்குரிய ஐயா, 31.03.2025 அன்று தாங்கள் அனுப்பிய 214, 231 எண்ணுள்ள பில்களுக்கான முழுத் தொகையான ரூ. 2,73,800 (இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து எண்ணூறு) திங்கட்கிழமை எங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பாக்கி ரூ. 4,100-ஐ விரைவில் அனுப்பிவைக்கவும். இத்துடன் தங்கள் கணக்கு நேர் செய்யப்பட்டது. நன்றி.*

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்றுகூடச் சரியாக விழுந்திருக்கிறது. கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இதை ஒரு சிவப்புக் கோடு இல்லாமல் கடந்துபோகவிடும். தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்தாலும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார். ஆனாலும் இந்த நான்கு வாக்கியங்களில் தொகை தவறு, கிழமை தவறு, பாக்கி என்று கேட்டது தவறு, கணக்கு நேரானதாகச் சொன்னது தவறு. தேதி சரியா தவறா என்பதை வாக்கியத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

காரணம் எளிமையானது. 'எண்ணூறு' என்பதை 'எண்ணுறு' என்று தட்டினால் அப்படி ஒரு சொல் கிடையாது, பிழை தானே கண்ணில் படும். 2,37,800 என்பதை 2,73,800 என்று தட்டினால் அப்படியும் ஒரு தொகை இருக்கிறது. எந்த எண்ணும் தன்னளவில் பிழையாகத் தெரிவதில்லை. அதனால் இந்த மாதிரி மெயிலுக்கு மெய்ப்புப் பார்ப்பவர் மெயிலை எத்தனை முறை படித்தாலும் போதாது. மெயிலுக்கு வெளியே இருக்கும் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அந்தக் காகிதங்கள் மூன்று: வங்கி ஸ்டேட்மென்ட், தாங்கள் அனுப்பிய பில்களின் நகல், எந்தப் பில்லுக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று வாடிக்கையாளர் எழுதிய விவரக் கடிதம். மெயிலில் உள்ள ஒவ்வொரு எண்ணும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது இவற்றை வைத்துக் கூட்டிக் கழித்து வந்திருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத எண் மெயிலில் இருக்கக் கூடாது.

நம் மாதிரியில் அந்தக் காகிதங்கள் சொல்வது இது. பில் 214, தேதி 28 பிப்ரவரி 2025. பராமரிப்புக் கட்டணம் ரூ. 1,20,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ. 21,600, மொத்தம் ரூ. 1,41,600. அடுத்தது பில் 231, தேதி 14 மார்ச் 2025. கட்டணம் ரூ. 85,000, ஜிஎஸ்டி ரூ. 15,300, மொத்தம் ரூ. 1,00,300. இரண்டையும் கூட்டினால் ரூ. 2,41,900. வங்கியில் வந்திருப்பதோ ரூ. 2,37,800.

குறைகிற ரூ. 4,100 எங்கே போனது?

இங்கேதான் அந்த இளம் கணக்கர் இடறினார். அதைப் பாக்கி என்று நினைத்து, அனுப்பச் சொல்லி எழுதிவிட்டார். உண்மையில் அது ஆலை பிடித்துக்கொண்ட டிடிஎஸ். ஒப்பந்த வேலைக்காக ஒரு பங்குதாரர் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும் கம்பெனி, அதில் 2 சதவீதத்தைப் பிடித்து, அந்த நிறுவனத்தின் பெயரில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இந்த 2 சதவீதத்தை எதன் மேல் கணக்கிடுவது என்பதுதான் பலர் தடுமாறும் இடம். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால், அதை விட்டுவிட்டுக் கட்டணத்தின் மேல் மட்டும் பிடித்தால் போதும். நேரடி வரிகள் மத்திய வாரியம் 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. ஆக, 1,20,000-க்கு 2,400. 85,000-க்கு 1,700. இரண்டும் சேர்ந்து 4,100. ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு நிற்கிறது.

இந்த நான்காயிரத்து நூறைப் பாக்கி என்று எழுதினால் என்ன ஆகும்? ஆலையின் கணக்குப் பிரிவில் ஒருவர் தங்கள் பேரேட்டைப் புரட்டி, பில்லைப் பார்த்து, வரி கட்டிய சலானைத் தேடி எடுத்து, "இது டிடிஎஸ்" என்று பதில் எழுத வேண்டியிருக்கும். அவருக்கு அரை மணி நேரம் வீண். அதைவிட வருத்தமான இன்னொன்றும் நடக்கலாம். புதிதாகச் சேர்ந்த யாராவது மெயிலை நம்பி அந்தத் தொகையை அனுப்பிவிட்டால், கூடுதலாக வந்த பணத்தை எந்தத் தலைப்பில் வைப்பது, எப்படித் திருப்புவது என்று இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் கடிதம் போகும்.

இனி, அந்தப் பெரிய பிழைக்கு வருவோம். இலக்கத்தில் 2,73,800. எழுத்தில் முப்பத்தேழாயிரத்து எண்ணூறு. ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எழுதியவர் கவனிக்கவில்லை, ஏனென்றால் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பெரும்பாலோர் கண்ணால் தாண்டிவிடுகிறார்கள். விரல் தட்டும்போது மூன்றும் ஏழும் இடம் மாறியிருக்கின்றன. எழுத்தால் எழுதும்போது தொகையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் எழுத வேண்டும், அதனால் அது சரியாக வந்திருக்கிறது.

காசோலையில் இப்படி இலக்கமும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. அந்த விதி மெயிலுக்குப் பொருந்தாது. இருந்தாலும் தொகையை எழுத்தாலும் எழுதும் பழக்கத்தை மெயிலிலும் விடாமல் வைத்திருப்பது நல்லது. சட்டம் எதுவும் கேட்காவிட்டாலும் அது மெய்ப்புப் பார்ப்பவருக்கு உள்ளேயே அமைந்த ஒரு சாட்சி. ஒரு நிபந்தனை உண்டு: இலக்கத்தைப் பார்த்து எழுத்தை எழுதக் கூடாது. வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். இலக்கத்தைப் பார்த்து எழுதினால் பிழையும் கூடவே படியெடுக்கப்படும், பிறகு இரண்டும் ஒத்துப்போகிறது என்ற பொய்யான நிம்மதிதான் மிஞ்சும்.

பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இன்னொரு உத்தியும் தெரியும். இரண்டு தொகைகள் ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 2,73,800-இலிருந்து 2,37,800-ஐக் கழித்தால் 36,000. ஒன்பதால் வகுத்தால் 4,000. அந்த நான்கு என்பது ஏழுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம். நான்குக்குப் பின்னால் உள்ள மூன்று சைபர், பிழை ஆயிரத்திலும் பத்தாயிரத்திலும் நடந்திருப்பதைக் காட்டுகிறது. வித்தியாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்த இடத்தில் எந்த மாதிரிப் பிழை என்று சொல்லிவிடலாம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. 73 என்பது ஏழு பத்தும் மூன்று ஒன்றும். 37 என்பது மூன்று பத்தும் ஏழு ஒன்றும். கழிக்கும்போது ஏழு என்ற இலக்கம் பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்குக்கு இறங்குகிறது, அதாவது ஒன்பது மடங்கு குறைகிறது. மூன்று அதே ஒன்பது மடங்கு ஏறுகிறது. எந்த இரு இலக்கங்களை எடுத்தாலும் இதுதான் நடக்கும்.

ஒரு சைபர் விட்டுப்போனாலும் இதே சோதனை உதவும். 98,600-ஐ 9,860 என்று தட்டியிருந்தால் வித்தியாசம் 88,740. அதை ஒன்பதால் வகுத்தால் 9,860, தவறாகத் தட்டிய அதே எண் திரும்பி வருகிறது. ஆனால் இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. ஏழுக்குப் பதில் எட்டு தட்டியிருந்தால் அது காட்டாது. சரியாகத் தட்டிய தொகை வேறு வாடிக்கையாளருடையதாக இருந்தாலும் காட்டாது. ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரி மேலே கீழே கண் நழுவினால் அப்படித்தான் நடக்கும். தொகையைத் தட்டாமல் நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு மூன்றும் ஏழும் மாறாது. அவர்கள் மாட்டிக்கொள்வது இந்த அடுத்த வரிப் பிழையில்.

அதற்குத்தான் அடிக்கோல். ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து, பார்க்க வேண்டிய வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துக்கொண்டு படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அச்சகங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார். இன்னொருவர் அச்சான மெய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவால் தொட்டுக்கொண்டே வருவார். படிப்பவரைக் காப்பி ஹோல்டர் என்பார்கள். இருவர் கண்ணும் ஒரே தாளில் விழாததுதான் இதன் பலம். கணக்கு மெயிலுக்கும் இதைவிட நல்ல முறை வேறில்லை. இரண்டு பேர், ஐந்து நிமிடம் போதும்.

நம் மாதிரி அலுவலகத்தில் மூத்த கணக்கர் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். இளையவர் ஸ்டேட்மென்ட்டைப் படிக்கிறார், அவர் திரையைப் பார்க்கிறார்.

"ரெண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து எண்ணூறுங்க்கா."

"அப்படிப் படிக்காதீங்க தம்பி. ஒவ்வொரு நம்பரா சொல்லுங்க."

"ரெண்டு, மூணு, ஏழு, எட்டு, சைபர், சைபர்."

"நிறுத்துங்க. இங்க ரெண்டு, ஏழுன்னு இருக்கு."

அவர் ஒவ்வொரு இலக்கமாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. முப்பத்தேழாயிரம் என்று காதில் விழுந்ததும் மனம் ஏற்கெனவே தெரிந்த தொகையை நினைத்துக்கொள்கிறது, கண் அதைத் திரையில் இருப்பதாகவே பார்த்துவிடுகிறது. ரெண்டு, மூணு, ஏழு என்று உதிரியாக வந்தால் நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. பார்த்தே ஆக வேண்டும். தனியாக வேலை செய்கிறவர்கள் தொகையைக் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்தால் கிட்டத்தட்ட இதே பயன் கிடைக்கும்.

நெஃப்ட் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் யூடிஆர் எண்ணுக்கும் இதே முறைதான். அது 16 எழுத்துகள் கொண்டது. ஆர்டிஜிஎஸ்ஸுக்கு 22. முதலில் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். அதில் சைபரும் ஆங்கில ஓ எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் நின்று பார்க்க வேண்டும்.

தொகைக்கு அடுத்தது தேதி. தொகையில் உள்ள பிழையை வாடிக்கையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். தேதிப் பிழை அப்படியல்ல, அது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, ஆடிட்டர் கேட்கும் நாளில்தான் எழும்பும்.

அந்த மெயிலின் முதல் வாக்கியத்தை மறுபடி பாருங்கள். "31.03.2025 அன்று தாங்கள் அனுப்பிய 214, 231 எண்ணுள்ள பில்களுக்கான முழுத் தொகை" என்று தொடங்குகிறது. 31-ஆம் தேதி அனுப்பியது எதை? பில்லையா, தொகையையா? தமிழ் வாக்கியத்தில் விளக்கம் முன்னால் வரும், விளக்கப்படும் பெயர் பின்னால் வரும். 'அனுப்பிய' என்ற பெயரெச்சம் தனக்குப் பின்னால் வரும் பெயர்களில் எதை வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும். இங்கே 'பில்கள்' பக்கத்தில் நிற்கிறது, 'தொகை' சற்றுத் தள்ளி நிற்கிறது. படிப்பவர் பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் பிடிப்பார். ஆலையே பில் அனுப்பியதா என்று ஒரு கணம் குழம்பி, பிறகு தானே சரிசெய்துகொள்வார். அந்தக் குழப்பத்துக்குப் பிறகு திங்கட்கிழமை என்று வேறு வருகிறது. அது பணம் வரவான நாள்.

தமிழில் கணக்கு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேதியை அது சேர வேண்டிய வினைக்குப் பக்கத்திலேயே வைப்பதுதான் வழி. 'பில் 214, தேதி 28 பிப்ரவரி 2025' என்று பில்லின் தேதியைப் பில்லோடு ஒட்டிவிடலாம். 'எங்கள் கணக்கில் 1 ஏப்ரல் 2025 அன்று வரவானது' என்று வரவின் தேதியை வரவோடு ஒட்டிவிடலாம். ஒரு வாக்கியத்தில் ஒரு தேதிக்கு மேல் வந்தால் வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிட வேண்டும்.

ஆனால் ஏப்ரல் 1 எங்கிருந்து வந்தது? வங்கி ஸ்டேட்மென்ட்டிலிருந்து. ஆலை பணம் அனுப்பியது மார்ச் 31, திங்கட்கிழமை, இரவு 11.40-க்கு. 2019 டிசம்பர் 16-ஆம் தேதி முதல் நெஃப்ட் எல்லா நாளும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. அது அனுப்பிய நொடியே போய்ச் சேருவதல்ல. அரை மணிக்கு ஒரு தொகுதியாக நாளொன்றுக்கு 48 தொகுதிகளாகத் தீர்க்கப்படுகிறது, அதன் பிறகே பெறுபவரின் வங்கி வரவு வைக்கிறது. 11.40-க்கு அனுப்பியது நள்ளிரவுத் தொகுதியில் சேர்ந்து, செவ்வாய்க்கிழமை பிறந்த பிறகு கோவை நிறுவனத்தின் கணக்கில் விழுந்திருக்கிறது. ஒரே பணத்துக்கு அனுப்பியவர் ஸ்டேட்மென்ட்டில் ஒரு தேதி, பெற்றவர் ஸ்டேட்மென்ட்டில் இன்னொரு தேதி. இரண்டுமே உண்மை.

மற்ற மாதங்களில் இந்த ஒரு நாள் பெரிய விஷயமில்லை. மார்ச் 31 என்பதால் விஷயம். அன்றோடு நிதியாண்டு முடிகிறது. கோவை நிறுவனம் குறுந்தொழிலாகவோ சிறுதொழிலாகவோ பதிவு பெற்றது என்றால், அதற்குக் கொடுக்க வேண்டிய பணத்தை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், பணம் உண்மையில் கொடுக்கப்பட்ட ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் ஒரு புதிய உட்பிரிவு சேர்க்கப்பட்டு, 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நம் மாதிரியில் ஒப்பந்தம் இல்லை, இரண்டு பில்லுக்கும் 15 நாள் கடந்துவிட்டது. ஆக, பணம் கொடுத்த நாள் மார்ச் 31 என்றால் ஆலை ரூ. 2,05,000-ஐ 2024-25 செலவாகக் காட்டலாம். ஏப்ரல் 1 என்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டும். ஆலையின் ஆடிட்டர் இந்த மெயிலைக் கேட்டு வாங்கிப் பார்க்கக்கூடும்.

அப்படியானால் கணக்கர் எந்தத் தேதியை எழுத வேண்டும்? இரண்டையும், ஒவ்வொன்றும் எங்கிருந்து கிடைத்தது என்பதோடு. வரவான தேதிக்கு நம் வங்கி ஸ்டேட்மென்ட் ஆதாரம், அதை நாம் உறுதியாகச் சொல்லலாம். அனுப்பிய தேதிக்கு வாடிக்கையாளரின் விவரக் கடிதம் ஆதாரம், அதை 'தங்கள் கடிதத்தின்படி' என்றுதான் சொல்ல முடியும். எந்தத் தேதி வரிக்குச் செல்லும் என்று தீர்ப்புச் சொல்வது இந்த மெயிலின் வேலையல்ல. வாடிக்கையாளர் போன் செய்து "மார்ச் 31-ன்னு போட்டுக் கொடுங்க" என்று கேட்டாலும், வரவுத் தேதியை மாற்றி எழுதக் கூடாது. அனுப்பிய தேதியாக மார்ச் 31-ஐக் குறிப்பிட்டாலே அவருக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது.

கிழமையையும் சேர்த்து எழுதுவது ஒரு சின்ன காவல். 1 ஏப்ரல் 2025 செவ்வாய்க்கிழமை. வரைவில் 'திங்கட்கிழமை வரவு' என்று இருந்ததை நாட்காட்டியோடு ஒப்பிட்டதும்தான் இரண்டு தேதிகள் கலந்துவிட்டது தெரியவந்தது. மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுவது இன்னொரு காவல். 01.04.2025 என்பதை நம் ஊரில் ஏப்ரல் 1 என்று படிப்பார்கள், அமெரிக்க வழக்கத்தில் பழகியவர் ஜனவரி 4 என்று படிப்பார். நூற்பாலைகளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கணக்கு மென்பொருளில் எந்த வரிசை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 31.03 போன்ற தேதிகளில் குழப்பம் வராது, முப்பத்தோராவது மாதம் என்று ஒன்று இல்லை. மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள்தான் ஆபத்தான நாட்கள்.

'முழுத் தொகை', 'பாக்கி', 'கணக்கு நேர்' ஆகிய சொற்களைக் கடைசியில் பார்க்கலாம். இவை எண்கள் அல்ல. ஆனாலும் எண்களைப் போலவே இவற்றுக்கும் மதிப்பு உண்டு. முழுத் தொகையும் வந்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் பாக்கி கேட்பது முரண். இத்துடன் கணக்கு நேர் செய்யப்பட்டது என்பது அதைவிடப் பெரிய சிக்கல், ஏனென்றால் பில் 247 இன்னும் நிலுவையில் இருக்கிறது. 29 மார்ச் 2025 தேதியிட்டது, ரூ. 59,000. கணக்கு நேராகிவிட்டது என்று கைப்பட எழுதிக் கொடுத்தவர், நாளை அந்த ஐம்பத்தொன்பதாயிரத்தைக் கேட்கப் போகும்போது இந்த மெயிலே அவருக்கு எதிராக நிற்கும். வர வேண்டியதில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு மீதியை விட்டுக்கொடுக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கடன் கொடுத்தவரை அனுமதிக்கிறது. எனவே விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லாதவர் அப்படிப் பொருள்படும் சொல்லைத் தவறிக்கூட எழுதக் கூடாது.

பில் எண்களை எழுதுவதற்கும் அதே சட்டத்தில் அடிப்படை இருக்கிறது. பல பில்கள் நிலுவையில் இருக்கும்போது, இந்தப் பணம் இன்ன பில்லுக்கு என்று கொடுப்பவர் சொன்னால், ஏற்றுக்கொண்டவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. ஆலையின் கடிதம் 214, 231 என்கிறது. 214 என்பதை 241 என்று தட்டிவிட்டால்? மறுபடியும் இடம் மாறிய இலக்கம்தான், வித்தியாசம் 27, ஒன்பதால் வகுபடும். பொருள்வரியில் 'பிப்ரவரி மாதப் பில்' என்று இருந்தது போன மாத மெயிலின் மிச்சம். பழைய மெயிலின் மேலேயே எழுதுகிறவர்கள் உடலை மாற்றிவிட்டுப் பொருள்வரியை மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் தேடுபவர் பொருள்வரியைத்தான் தேடுவார், அதனால் அதில் மாதத்தை விடப் பில் எண் இருப்பதே பயன்.

இவ்வளவும் பார்த்த பிறகு மெயில் இப்படி ஆனது:

*பொருள்: பில் 214, 231: ரூ. 2,37,800 வரவு*

*மதிப்பிற்குரிய ஐயா,*

*நெஃப்ட் மூலம் தாங்கள் அனுப்பிய ரூ. 2,37,800 (இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து எண்ணூறு ரூபாய்) எங்கள் வங்கிக் கணக்கில் 1 ஏப்ரல் 2025, செவ்வாய்க்கிழமை வரவாகியுள்ளது. தங்கள் கடிதத்தின்படி பணம் அனுப்பிய தேதி 31 மார்ச் 2025. அக்கடிதத்தில் கண்டபடி கீழ்க்கண்ட பில்களுக்கு வரவு வைத்துள்ளோம்.*

*பில் 214, தேதி 28 பிப்ரவரி 2025: பில் தொகை ரூ. 1,41,600, டிடிஎஸ் ரூ. 2,400, வரவு ரூ. 1,39,200.*

*பில் 231, தேதி 14 மார்ச் 2025: பில் தொகை ரூ. 1,00,300, டிடிஎஸ் ரூ. 1,700, வரவு ரூ. 98,600.*

*டிடிஎஸ் தொகை ரூ. 4,100-க்கான சான்றிதழை உரிய காலத்தில் அனுப்பிவைக்க வேண்டுகிறோம். பில் 247, தேதி 29 மார்ச் 2025, தொகை ரூ. 59,000 நிலுவையில் உள்ளது. நன்றி.*

வரைவைவிட நீளம்தான். ஆனால் ஆலையின் கணக்கர் இதைப் படித்துவிட்டு எதையும் தேடப் போக வேண்டியதில்லை. 1,39,200-உம் 98,600-உம் கூடினால் 2,37,800. அவரும் கூட்டிப் பார்க்கலாம், நாமும் அனுப்பும் முன் கூட்டிப் பார்க்கலாம். மொத்தத்தைப் பிரித்துக் காட்டிய மெயிலில் இலக்கம் மாறினால் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய வரைவே போய்விட்டிருந்தால் என்ன செய்வது? சத்தமில்லாமல் சரியான மெயிலை இன்னொரு முறை அனுப்புவது தவறு. இரண்டு மெயில் வந்தால் இரண்டு முறை பணம் வந்ததாகவோ, எது இறுதியானது என்று தெரியாமலோ எதிர்ப்பக்கம் திண்டாடும். அதே மெயிலுக்குப் பதிலாக, 'முந்தைய மெயிலில் ரூ. 2,73,800 என்று இருப்பதை ரூ. 2,37,800 என்று திருத்தி வாசிக்கவும், வரவுத் தேதி 1 ஏப்ரல் 2025, செவ்வாய்க்கிழமை, ரூ. 4,100 டிடிஎஸ் ஆகும், பாக்கி அல்ல. பில் 247 நிலுவையில் உள்ளது' என்று தவறையும் திருத்தத்தையும் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். கூடவே தன் கணக்கு மென்பொருளையும் திறந்து பார்க்க வேண்டும். மெயிலில் விரல் தடுமாறியவருக்கு வரவு வவுச்சரிலும் தடுமாறியிருக்கலாம், இணைப்பாகப் போன ரசீது பிடிஎஃப் அந்த வவுச்சரிலிருந்துதான் வருகிறது.

நம் மாதிரி அலுவலகத்தில் பிழை வாசலைத் தாண்டவில்லை. மூத்தவர் பெறுநர் முகவரியை ஒரு முறை பார்த்தார், இணைப்பைத் திறந்து அதிலும் 2,37,800 என்று இருக்கிறதா என்று பார்த்தார், அனுப்பச் சொன்னார். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த டிடிஎஸ்ஸின் கணக்கை ஆலை மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், அதிலிருந்து பதினைந்து நாளில் சான்றிதழ் தர வேண்டும். இளையவர் மேசை நாட்காட்டியில் தாளைப் புரட்டி, ஜூன் 15-ஐ வட்டமிட்டு, பக்கத்தில் 4,100 என்று எழுதினார். எழுதியதை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தும் பார்த்துக்கொண்டார்.